ஆடிட்டரின் ஜூன் மாதக் கடிதம்

வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கான ஆவணங்களைக் கேட்டு ஆடிட்டர் அலுவலகங்கள் அனுப்பும் மின்னஞ்சல் பெரும்பாலும் ஜூன் மாதத் தொடக்கத்தில் வந்துசேர்கிறது. ஒரு பக்கத்துக்கு மேல் போகாத கடிதம்தான். அதில் ஒரு பட்டியல் இருக்கும், ஒரு கடைசித் தேதி இருக்கும். சம்பளக்காரர்கள் பலர் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, அலுவலகம் கொடுத்த படிவம் 16-ஐ மட்டும் இணைத்து அனுப்பிவிடுவார்கள். மற்ற வரிகளெல்லாம் வேறு யாருக்கோ எழுதியவை என்று நினைப்பார்கள். ஆனால் கட்டவேண்டிய வரி எவ்வளவு என்பது பல நேரங்களில் அந்த மற்ற வரிகளில்தான் தீர்மானமாகிறது.

அலுவலகத்துக்கு அலுவலகம் வாசகம் மாறினாலும் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். 2023–24 நிதியாண்டுக்கு மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு எழுதப்படும் நல்ல கடிதம் இப்படி இருக்கும்:

அன்புள்ள ஐயா,

வணக்கம். 2023 ஏப்ரல் 1 முதல் 2024 மார்ச் 31 வரை தாங்கள் ஈட்டிய வருமானத்துக்கு வரிக் கணக்குத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாள் 2024 ஜூலை 31. கீழ்க்கண்டவற்றை ஜூலை 10-க்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ‘இணைத்துள்ளேன்’, ‘எனக்கு இல்லை’, ‘பிறகு அனுப்புகிறேன்’ என மூன்றில் ஒன்றை எழுதவும். எதையும் வெறுமையாக விடவேண்டாம்.

1. படிவம் 16. ஆண்டுக்குள் வேலை மாறியிருந்தால் இரண்டு நிறுவனங்களிடமிருந்தும்.
2. வருமான வரித் தளத்திலிருந்து இறக்கிய ஆண்டுத் தகவல் அறிக்கையும் படிவம் 26ஏஎஸ்ஸும்.
3. எல்லா வங்கி, அஞ்சலகக் கணக்குகளுக்கும் வட்டிச் சான்றிதழ்.
4. வாடகை ஒப்பந்தம், ரசீதுகள் அல்லது வங்கிவழி செலுத்திய விவரம், வீட்டு உரிமையாளரின் பான் எண்.
5. வீட்டுக் கடன் இருந்தால் வங்கி தரும் ஆண்டுச் சான்றிதழ். கடன் இருவர் பெயரில் இருந்தால் யார் எவ்வளவு கட்டினார் என்ற குறிப்பு.
6. ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் கல்விக் கட்டணம் ஆகியவற்றின் ரசீதுகள்.
7. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், நிலம், வீடு எதையாவது விற்றிருந்தால் அதன் விவரம்.
8. ஆண்டில் எந்த நாளிலாவது தங்கள் பெயரில் இருந்த எல்லா வங்கிக் கணக்குகளின் எண்கள். வரி திரும்பக் கிடைத்தால் எந்தக் கணக்கில் வரவேண்டும் என்பதும்.

கடவுச்சொல்லையோ ஓடிபி எண்ணையோ இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பவேண்டாம்.

கடிதம் இவ்வளவுதான். முதல் வரியிலேயே ஆண்டு, தேதிகளோடு எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். 2023–24 என்பது வருமானம் ஈட்டிய நிதியாண்டு. அதற்கு வரி மதிப்பிடப்படுவது 2024–25 மதிப்பீட்டு ஆண்டில். படிவங்களில் இரண்டுமே அச்சாகியிருக்கும். ‘2024–25-க்கான சான்றிதழ்கள்’ என்று மட்டும் கேட்டால், வாடிக்கையாளர் ஓர் ஆண்டு தள்ளி வட்டிச் சான்றிதழ் வாங்கி அனுப்பிவிடுவார். ஏப்ரல் 1, மார்ச் 31 என்று தேதியைச் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

பட்டியலில் உள்ள எட்டையும் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு வகை, வருமான வரித் துறைக்கு ஏற்கெனவே தெரிந்தவை. சம்பளம் கொடுத்த நிறுவனம், வட்டி கொடுத்த வங்கி, பங்கு விற்பனையைப் பதிவுசெய்யும் அமைப்புகள் எல்லாம் பான் எண்ணோடு சேர்த்து விவரங்களைத் துறைக்குத் தெரிவிக்கின்றன. 2021 நவம்பரில் அறிமுகமான ஆண்டுத் தகவல் அறிக்கை, சுருக்கமாக ஏஐஎஸ், இவற்றை ஒரே இடத்தில் காட்டுகிறது. மற்றொரு வகை, வாடிக்கையாளர் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாதவை. கட்டிய வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், கடனில் கணவன் பங்கு, மனைவி பங்கு போன்றவை எந்த அரசு அறிக்கையிலும் ஒழுங்காகத் திரண்டு வருவதில்லை. முதல் வகையை விட்டுவிட்டால் துறையிடமிருந்து நோட்டீஸ் வரும். இரண்டாம் வகையை விட்டுவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். கூடுதல் வரி மட்டும் கையை விட்டுப் போகும். ‘எல்லாம்தான் ஆன்லைனில் இருக்கிறதே, ஆடிட்டரே பார்த்துக்கொள்ளட்டும்’ என்ற நினைப்பு முதல் வகைக்கு ஓரளவு பொருந்தும், இரண்டாவதுக்குப் பொருந்தவே பொருந்தாது.

இதை ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது. மதுரையில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒருவர் 2023 அக்டோபரில் வேலை மாறினார் என்று கொள்வோம். முதல் ஆறு மாதம் பழைய நிறுவனத்தில் மாதம் 70,000 ரூபாய். அடுத்த ஆறு மாதம் புதிய நிறுவனத்தில் மாதம் 85,000 ரூபாய். முன்னது 4,20,000, பின்னது 5,10,000; ஆண்டுக்கு 9,30,000 ரூபாய். புதிய நிறுவனத்தில் சேரும்போது பழைய சம்பளத்தை அவர் தெரிவிக்கவில்லை. தெரிவிக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

இரண்டு நிறுவனங்களும் தாம் கொடுத்த சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டன. நிலைக் கழிவான 50,000 ரூபாயை இரண்டுமே கழித்தன. ஒன்றில் 3,70,000, மற்றொன்றில் 4,60,000. அந்த ஆண்டு புதிய வரிமுறையில் 7,00,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு என்பதால் இரண்டு படிவம் 16-லும் வரி பூஜ்யம். வேலையை விடும்போது பழைய நிறுவனம், அதுவரை பிடித்த வரியையும் கடைசிச் சம்பளத்தோடு சரிக்கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டது. கையில் இரண்டு தாள். இரண்டிலும் வரி இல்லை. ‘எனக்கு வரியே வராது’ என்று அவர் நம்பியதில் வியப்பில்லை.

பட்டியலின் முதல் எண் இரண்டு நிறுவனங்களின் படிவத்தையும் கேட்பது இதனால்தான். சேர்த்துப் பார்த்தால் சம்பளம் 9,30,000. நிலைக் கழிவு ஒரு முறைதான் கிடைக்கும். மீதி 8,80,000. அவருக்கு வைப்புத்தொகை வட்டி 32,000 ரூபாயும் சேமிப்புக் கணக்கு வட்டி 6,000 ரூபாயும் வந்திருந்தன. அந்த ஆண்டில் வைப்புத்தொகை வட்டி 40,000 ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி வரி பிடிக்கும். 32,000-க்குப் பிடிக்கவில்லை. வரி பிடிக்காத வட்டிக்கு வரி இல்லை என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. வங்கி பிடிக்காவிட்டாலும் அது வருமானம்தான், ஏஐஎஸ்ஸிலும் அது தெரியும். மூன்றாம் எண் ‘எல்லா’ வங்கிக் கணக்குகளையும் கேட்பதற்குக் காரணம் இதுவே. ஆக, வரிக்குரிய வருமானம் 9,18,000 ரூபாய். புதிய முறையின் அந்த ஆண்டு விகிதப்படி வரி 47,700, அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 49,608 ரூபாய்.

இனி நான்காம் எண்ணுக்கு வருவோம். அவர் மாதம் 12,000 வீதம் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் வாடகை கட்டியிருக்கிறார். சம்பளத்தில் வீட்டு வாடகைப் படி உண்டு. இரண்டு வேலையிலும் சேர்த்து அடிப்படைச் சம்பளம் 4,65,000. கட்டிய வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதத்தைக் கழித்தால் வருவது, வாங்கிய வாடகைப் படி, மதுரை போன்ற ஊர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம் ஆகிய மூன்றில் எது குறைவோ அது வரிவிலக்குப் பெறும். இவர் வாங்கிய படி 1,40,000 ரூபாய். குறைவானது முதலாவது: 1,44,000-இல் 46,500 போக 97,500 ரூபாய். இதோடு வருங்கால வைப்புநிதி, எல்ஐசி, பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 80சி பிரிவில் 1,50,000. மருத்துவக் காப்பீடு 18,000. சேமிப்பு வட்டிக்கான கழிவு 6,000. இவை பழைய வரிமுறையில்தான் கிடைக்கும். இவ்வளவும் கழித்தபின் வரிக்குரிய வருமானம் 6,46,500, செஸ்ஸோடு வரி 43,472 ரூபாய். புதிய முறையைவிட 6,136 ரூபாய் குறைவு.

வாடகைக்கு ஆதாரம் இல்லையென்றால் கணக்கு தலைகீழாகிவிடும். 97,500 ரூபாய் விலக்கு போய்விட்டால் பழைய முறையில் வரி 63,752 ஆக ஏறுகிறது. புதிய முறையே மேல் என்றாகிறது. மற்ற ரசீதுகளை எவ்வளவு சிரமப்பட்டுத் திரட்டியிருந்தாலும் பயன் இல்லாமல் போகும். ஆண்டு வாடகை 1,00,000 ரூபாயைத் தாண்டினால், அலுவலகத்தில் விலக்குக் கோரும்போது வீட்டு உரிமையாளரின் பான் எண்ணைத் தரவேண்டும் என்பது விதி. கேள்வி வந்தால் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் ஆடிட்டரும் அதையே கேட்கிறார். வாடகையை ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு இந்த எண்தான் தடுமாற்றம் தரும். உரிமையாளரிடம் பான் எண் கேட்பதற்குச் சங்கடப்பட்டு நாளைத் தள்ளிப்போடுவார்கள். அதனால் ஆவணம் திரட்டுவதில் முதலில் தொடங்கவேண்டிய வேலை இது. வங்கியின் சான்றிதழை ஒரே நாளில் இறக்கிவிடலாம். இன்னொரு மனிதரிடம் கேட்டுப் பெறவேண்டியதற்கு நாள் பிடிக்கும்.

ஏழாம் எண்ணில் ‘விற்றிருந்தால்’ என்ற சொல் முக்கியம். வாங்கி வைத்திருப்பதை ஆடிட்டர் கேட்கவில்லை. மாதாமாதம் சிறுதொகை போட்டுவந்த ஃபண்டிலிருந்து அவசரத்துக்கு 20,000 ரூபாய் எடுத்ததும் விற்பனைதான். அந்த ஆண்டுக்கான எளிய படிவமான ஐடிஆர்–1-ஐ அப்படி விற்றவர்கள் பயன்படுத்த முடியாது, ஐடிஆர்–2-க்குப் போகவேண்டும். ஏஐஎஸ்ஸில் விற்ற தொகை வந்துவிடும், வாங்கிய விலை சில நேரம் இருக்காது. தரகு நிறுவனமோ ஃபண்ட் பதிவகமோ தரும் மூலதன ஆதாய அறிக்கையில்தான் இரண்டும் இருக்கும்.

ஏஐஎஸ் அறிக்கையிலும் பிழை வரும் என்பதை வாடிக்கையாளர்கள் அறிந்திருக்கவேண்டும். தாயும் மகனும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கின் வட்டி, பணம் தாயுடையதாக இருந்தாலும், முதல் பெயராக மகன் இருந்தால் மகனின் அறிக்கையில் ஏறிவிடும். அதைத் தளத்திலேயே குறிப்பிட்டுத் திருத்தக் கோரலாம். எந்த வரி தன்னுடையதல்ல என்று சொல்லவேண்டியவர் வாடிக்கையாளர்தான். ஆடிட்டருக்கு அது தெரிய வழியில்லை.

ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்றில் ஒரு பதிலைக் கேட்பதும் வெறும் சம்பிரதாயம் அல்ல. வாடிக்கையாளர் ஏழாம் எண்ணைப் பற்றி எதுவுமே எழுதவில்லை என்றால், அவர் எதையும் விற்கவில்லையா, மறந்துவிட்டாரா, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாரா என்பது அலுவலகத்துக்குத் தெரியாது. மௌனத்தை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு தாக்கல் செய்தால் பிறகு நோட்டீஸ் வரும். எடுத்துக்கொள்ளாமல் தொலைபேசியில் கேட்டால் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு மத்தியில் ஒரு வாரம் போய்விடும். ‘எனக்கு இல்லை’ என்ற இரண்டு சொல், எழுத்தில் வந்துவிட்டால், இரு தரப்புக்கும் ஆதாரம். ‘தேவையான எல்லா ஆவணங்களையும் அனுப்பவும்’ என்று பொதுவாக எழுதும் கடிதங்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. எது தேவை என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்திருந்தால் அவர் ஆடிட்டரிடம் போயிருக்கமாட்டார்.

அடுத்தது, ஜூலை 10 என்ற தேதி. சட்டம் ஜூலை 31 வரை நேரம் தரும்போது மூன்று வாரத்தை ஆடிட்டர் ஏன் பிடுங்கிக்கொள்கிறார் என்று பலருக்கும் தோன்றும். இந்தத் தேதியை இரண்டு முனைகளிலிருந்தும் பார்க்கவேண்டும். நிறுவனங்கள் ஆண்டின் கடைசிக் காலாண்டில் பிடித்த வரி பற்றிய அறிக்கையைத் துறைக்குக் கொடுக்க மே 31 வரை அவகாசம் உண்டு. ஊழியருக்குப் படிவம் 16 தர ஜூன் 15 வரை. அதற்கு முன் இறக்கும் ஏஐஎஸ் முழுமையாக இராது. மே மாதத்திலேயே எடுத்த அறிக்கையை வைத்து அவசரமாகத் தாக்கல் செய்தவர்கள் பின்னர் திருத்திய கணக்குக் கொடுக்க நேர்வது இதனால்தான். ஆகவே உண்மையில் வேலை தொடங்கக்கூடிய நாள் ஜூன் 16. அங்கிருந்து ஜூலை 10 வரை வாடிக்கையாளருக்கு மூன்றரை வாரம் கிடைக்கிறது. எஞ்சிய மூன்று வாரத்தில் ஆடிட்டர் அலுவலகம் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டு, முரண்பாடுகளைக் கேட்டுத் தெளிந்து, கட்டவேண்டிய வரியைச் சொல்லி, வாடிக்கையாளர் அதைக் கட்டியபின் தாக்கல் செய்யவேண்டும். மேலே கண்டவர் போன்ற ஒருவருக்கு, ‘உங்களுக்கு 43,000 ரூபாய்க்கு மேல் வரி இருக்கிறது’ என்பது எதிர்பாராத செய்தி. பணம் புரட்ட நாள் வேண்டும்.

மறுமுனையில் தளத்தின் நெரிசல் இருக்கிறது. 2024-இல் ஜூலை 31 வரை 7.28 கோடிக் கணக்குகள் தாக்கலாயின என்றும், அவற்றில் 69.92 லட்சம் அந்தக் கடைசி ஒரே நாளில் வந்தவை என்றும் துறை அறிவித்தது. ஏறத்தாழ பத்தில் ஒன்று. அன்று ஓடிபி தாமதமானாலும் வரி கட்டிய செலான் தளத்தில் ஏறாமல் நின்றாலும் முறையிட நேரம் இராது.

தேதியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை அதே மதுரைக்காரர் கணக்கில் பார்க்கலாம். அவர் முன்கூட்டியே வரி கட்டாததால் எப்படியும் வட்டி உண்டு. ஜூலைக்குள் பழைய முறையில் தாக்கல் செய்தால் வரியும் வட்டியும் சேர்த்து ஏறத்தாழ 47,400 ரூபாய். ஆகஸ்ட் 10-ஆம் தேதி தாக்கல் செய்தால் முதலில் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே போய்விடும். தாமதமான கணக்குக்குப் புதிய முறை ஒன்றுதான் வழி. வரி 49,608 ஆகிறது. வட்டி கூடுகிறது. மொத்த வருமானம் 5,00,000 ரூபாயைத் தாண்டுவதால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 60,100. பத்து நாளுக்கு 12,000 ரூபாய்க்கு மேல் கூடுதல். பங்கில் நஷ்டம் கண்டவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு: அந்த நஷ்டத்தை வருங்கால லாபத்தில் கழித்துக்கொள்ள அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்ல முடியாது.

அரசு தேதியை நீட்டிக்கும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. 2025-இல் அப்படி நடந்தது. ஜூலை 31 செப்டம்பர் 15 ஆகி, பிறகு இன்னும் ஒரு நாள் நீண்டது. அதற்கு முந்தைய ஆண்டில் நீட்டிக்கவில்லை. நீட்டிப்பு வந்தாலும் முன்கூட்டிய வரி கட்டாததற்கான வட்டி மாதாமாதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆகையால் நீட்டிப்பு அறிவிப்பு வந்தவுடன் தன் ஜூலை 10-ஐ மாற்றாத அலுவலகம் வாடிக்கையாளருக்கு நன்மையே செய்கிறது.

நினைவூட்டலும் இந்தக் கடிதத்தின் ஒரு பகுதிதான். ஜூன் 25 வாக்கில் ஒன்று, ஜூலை 5-இல் ஒன்று என இரண்டு போதும். முழுப் பட்டியலையும் திரும்ப ஒட்டாமல், ‘தங்களிடமிருந்து இன்னும் வரவேண்டியது 4, 6 மட்டும்’ என்று எழுதினால் படிப்பவருக்கு வேலை சிறியதாகத் தெரியும். பாதி வந்ததை வைத்துக்கொண்டு மௌனமாக இருக்கும் அலுவலகம், ஜூலை கடைசியில் ஒரே நாளில் ஐம்பது பேரை அழைக்க நேரிடும்.

அனுப்பும் முறையிலும் கவனம் வேண்டும். ரசீதுகளைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகத் தள்ளினால் எந்தப் படம் எந்த எண்ணுக்கானது என்பது தெரியாது, எழுத்தும் மங்கிவிடும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பிடிஎஃப், கோப்பின் பெயரிலேயே பட்டியல் எண் என்று வைத்தால் இரு பக்கமும் தேடும் வேலை குறையும். ஏஐஎஸ் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், சிறிய எழுத்தில் பான் எண்ணும் அதையடுத்துப் பிறந்த தேதியும் சேர்ந்தது. ஆகவே இது ரகசியம் என்று நம்பிவிடக்கூடாது. பான் தெரிந்தவருக்குப் பிறந்த தேதியும் கிடைத்தால் கோப்பு திறந்துவிடும். தளத்தின் கடவுச்சொல் வேறு; அதை மின்னஞ்சலில் எழுதவே கூடாது. வரிக் காலத்தில் ‘உங்களுக்கு வரி திரும்ப வருகிறது, இந்த இணைப்பில் வங்கி விவரம் தரவும்’ என்று போலி மின்னஞ்சல்கள் வருவதுண்டு. உண்மையான ஆடிட்டர் கடிதம் ஆவணங்களைக் கேட்கும். அட்டை எண்ணையோ ஓடிபியையோ கேட்காது. சந்தேகம் வந்தால் கடிதத்தில் உள்ள எண்ணை விட்டு, ஏற்கெனவே கைபேசியில் பதிந்துள்ள அலுவலக எண்ணுக்குப் பேசிப் பார்க்கலாம்.

ஆவணங்கள் போய்ச் சேர்ந்து, வரியும் கட்டி, கணக்கும் தாக்கலான பிறகு வாடிக்கையாளர் செய்யவேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. தாக்கலான கணக்கை 30 நாளுக்குள் சரிபார்த்து உறுதிசெய்யவேண்டும். பெரும்பாலோர் ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபி மூலம் செய்கிறார்கள். அந்தக் கைபேசி எண் இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா என்பதை ஜூன் மாதக் கடிதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது; பழைய எண்ணை விட்டுவிட்டு ஆதாரில் மாற்றாதவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். 30 நாள் கடந்து உறுதிசெய்தால், உறுதிசெய்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். ஜூலை 20-இல் தாக்கலான கணக்கு, செப்டம்பரில் உறுதிசெய்யப்பட்டால், தாமதமாக வந்த கணக்காகிவிடும். 5,000 ரூபாய் கட்டணமும் அதோடு வந்துசேரும்.